உப்புக் கசியும் ஊரில் மாவும் பருப்பும் கருவாடும்

கண்டி நகரத்துச் சமையலறைகளில் உப்புச் சாடி ஒன்று மூடியின்றி இருக்குமாயின், அது ஆண்டின் பருவங்களை நாட்காட்டியைப் போலவே அறிவித்துக்கொண்டிருக்கும். மாசி, பங்குனி மாதங்களில் உப்பு பொலபொலவென்று உதிரும். ஐப்பசி பிறந்து மழை இறங்கியதும் அதே உப்பு கட்டிபடும், பின் ஈரங்கசியும், சாடியின் அடியில் நீர் தேங்கும். இல்லத்தரசியர் இதனை உப்பின் குற்றமென்று எண்ணி வேறு உப்பு வாங்குவதும் உண்டு. குற்றம் உப்பினுடையது அன்று. காற்றில் நீராவி எவ்வளவு நிறைந்துள்ளதென்பதை அவ்வுப்பு பிழையின்றி அளந்து கூறுகின்றது. அது கூறும் செய்தியை விளங்கிக்கொள்பவர், மாவையும் பருப்பையும் கருவாட்டையும் திங்கட்கணக்கில் கெடாது வைத்திருக்கும் வழியைப் பெரும்பாலும் விளங்கிக்கொண்டவராவர்.

அவ்வாறு வைத்திருக்க வேண்டிய தேவை மலைநாட்டிற்குப் புதியதன்று. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் கோதுமை மாவின் விலையும் பருப்பின் விலையும் எட்டாத உயரத்திற்குச் சென்றபோது, கிடைத்த நாளில் கிடைத்ததை வாங்கி வைத்தவர் பலர். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது கண்டி மாவட்டத்தில் மலைச்சரிவுகள் இடிந்து வீழ்ந்து, உயிர்கள் பல மாண்டன, வீதிகளும் மூடுண்டன. கடைக்குப் போகவியலாத நாளில் வீட்டிலுள்ள மாவே உணவு. அந்த மாவைத் திறந்து பார்க்கும்போது வண்டு நெளியுமாயின், அல்லது கருவாட்டுப் பொதியில் பூஞ்சணம் பூத்திருக்குமாயின், வாங்கி வைத்த பணமும் வீண்; நம்பியிருந்த உணவும் வீண்.

கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம் போன்ற நிலத்தில் அமைந்தது. மகாவலி கங்கை நகரை வளைத்தோடுகின்றது, நடுவிலே ஏரி. இங்கே கொழும்பின் வெப்பமும் இல்லை, நுவரெலியாவின் குளிரும் இல்லை. ஆயினும் காற்றிலே ஈரம் மிகுதி. காற்று தன்னால் தாங்கவியன்ற நீராவியில் நூற்றுக்கு எத்தனை பங்கை ஏந்தியிருக்கின்றதோ, அதனைச் சாரீரப்பதன் என்பர். கண்டியில் கோடை நண்பகலில் அது 60 அளவிற்கு இறங்கும். மாரிகாலத்து இரவுகளில் 90ஐ நெருங்கும்.

இனி, உப்பு கூறும் செய்தி யாதெனக் காண்பது நலம். தூய உப்பு, சாரீரப்பதன் 75க்குக் கீழே இருக்கும்வரை உலர்ந்தே இருக்கும். 75ஐத் தாண்டிய கணமே காற்றிலுள்ள நீரைப் பற்றிக் கரையத் தொடங்கும். வெயிலாயினும் குளிராயினும் இந்த எல்லை பெரிதும் மாறுவதில்லை. ஆனையிறவிலும் புத்தளத்திலும் விளையும் கல்லுப்பில் வேறு சில உப்புகளும் சிறிது கலந்திருப்பதனால், அது இன்னுஞ் சற்று முன்னதாகவே கசியும். ஆதலின் சோதனைக்குத் தூளுப்பே ஏற்றது.

மாவும் பருப்பும் உப்பைப் போல ஒரு கணத்தில் கரைவன அல்ல. அவை காற்றோடு மெல்ல மெல்லக் கொடுக்கல் வாங்கல் செய்வன. உலர்ந்த காற்றில் நீரை இழக்கும். ஈரக் காற்றில் நீரை ஏற்கும். சில நாட்களில் காற்றோடு ஒரு சமநிலையை அடையும். சாரீரப்பதன் 65ஆக உள்ள காற்றில் கோதுமை மா நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு நீரோடு நிற்கும். 75இல் ஏறத்தாழ 15 பங்கை எட்டும். 85இல் 17 பங்கையும் தாண்டும். பூஞ்சணம் என்னும் உயிர் இந்த நீரை நம்பியே வாழ்கின்றது. 65இல் அது உறங்கும். 70க்கு மேல் அதன் சில வகைகள் மெல்லக் கண்விழிக்கும். 80ஐத் தாண்டினாற் பல வகைகள் விரைந்து பெருகும். நஞ்சைச் சுரக்கும் வகையும் இந்த 80க்கு மேற்பட்டதே. எனவே, உப்புக் கசியத் தொடங்குவது நஞ்சு பிறப்பதற்கு முந்திய எச்சரிக்கை மணி. உப்பு உலர்ந்திருக்கும் பாத்திரத்தினுள்ளே நஞ்சுப் பூஞ்சணம் வளர வழியில்லை.

அந்த நஞ்சு யாது? 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணந் தெரியாது மடிந்தன. அவை உண்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் விட்டுச் சென்ற நஞ்சே காரணமெனப் பின்னர் கண்டறிந்தனர். அதற்கு அஃப்லடொக்சின் என்று பெயரிட்டனர். 1974ஆம் ஆண்டில் இராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் பருவந் தவறிய மழையில் நனைந்த சோளன் கதிர்களைச் சரிவர உலர்த்தாது சேமித்து உண்ட குடியானவர்களுட் பலர் மஞ்சட்காமாலை கண்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இந்நஞ்சிற்கு நிறமுமில்லை, நாவிற்படும் சுவையுமில்லை. சமையலின் சூடு அதனை அழிப்பதில்லை. சிறிது சிறிதாக நெடுநாள் உண்டால் ஈரலிற் புற்று உண்டாகக் காரணமாகும். நிலக்கடலை, சோளன், கொப்பரை, செத்தல் மிளகாய் ஆகியவற்றில் இது மிகுதியாகத் தோன்றும். மாவிலும் பருப்பிலும் அத்துணை மிகுதியாகத் தோன்றுவதில்லை. ஆயினும் பூஞ்சணம் பூத்த மாவில் அது உண்டா இல்லையா என்பதைக் கண்ணாற் கண்டறிய முடியாது. மேலே தெரியும் பச்சைத் திட்டை வழித்தெறிந்துவிட்டு எஞ்சியதைப் பயன்படுத்துவோர், பூஞ்சணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரியாது மாவினுள்ளே ஊடுருவியிருப்பதை அறியார். பூத்த மாவை முழுவதும் எறிவதே முறை. கோழிக்கு இடுவதும் தகாது. வான்கோழிகள் மாண்டது அவ்வாறு இட்டதனாலேயே.

பூஞ்சணத்திற்கு நீர் வேண்டும். வண்டுக்கோ அவ்வளவு வேண்டுவதில்லை. இவ்விரண்டின் வேறுபாட்டை உணராமையே வீடுகளில் நேரும் பிழைகளுக்கு முதற்காரணம். நன்றாக உலர்ந்த பயற்றங்காய் மணியிலும் வண்டு வாழும். தன் உடலுக்கு வேண்டிய நீரின் ஒரு பகுதியை அது உண்ணும் மாப்பொருளிலிருந்தே ஆக்கிக்கொள்ளும். ஆதலின் உலர்த்துவது பூஞ்சணத்தைத் தடுக்கும். வண்டைத் தடுக்க வேறு இரண்டு செயல்கள் வேண்டும். ஒன்று, ஏற்கெனவே உள்ளிருக்கும் முட்டையைக் கொல்வது. மற்றொன்று, மூச்சு விடக் காற்று இல்லாதபடி அடைப்பது.

பருப்பு வகைகளை முதலிற் கருதலாம். பயறு, கௌபி, கடலை முதலிய முழு மணிகளைத் துளைக்கும் வண்டு, மணியின் மேற்றோலில் ஊசிமுனை அளவான வெண்ணிறப் புள்ளிகளாக முட்டையிடும். புழு நேரே மணியினுள் நுழையும். மூன்று நான்கு வாரங்களில், கண்டியின் குளிர்ந்த நாட்களிற் சற்றுத் தாமதித்து, வட்டத் துளையிட்டு வண்டாக வெளிவரும். வெளிவந்தது அன்றே முட்டையிடத் தொடங்கும். வண்டு பறப்பதைக் கண்ட நாளில் இரண்டாந் தலைமுறை மணிக்குள் வளர்ந்துகொண்டிருக்கும். வெளியே தெரியும் வண்டுகளைப் புடைத்து நீக்குவதாற் பயன் சிறிது என்பதற்குக் காரணம் இதுவே. தோல் நீக்கி உடைத்த மைசூர்ப் பருப்பில் இவ்வண்டு அவ்வளவு செழிப்பதில்லை. ஆனால் நொறுங்கிய துகளும் தூசும் அதில் மிகுந்தால், மாவைத் தின்னும் சிவப்பு வண்டு அங்கே குடியேறும். ஆதலின் உடைத்த பருப்பை முதலிற் சல்லடையில் இட்டுத் துகளைப் போக்குதல் வேண்டும்.

உள்ளிருக்கும் முட்டையையும் புழுவையும் கொல்லும் வழிகள் இரண்டு: குளிர், சூடு. குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில், பொதிந்து ஒரு வாரம் வைத்தால் எந்நிலையிலுள்ள வண்டும் மடியும். வெளியே எடுத்த பின் பொதியை உடனே பிரிப்பது தவறு. குளிர்ந்த மணியின்மேல் ஈரக்காற்றுப் படிந்து வியர்க்கும். உலர்ந்த பருப்பு ஒரு மணி நேரத்தில் நனைந்துவிடும். பொதி அறையின் சூட்டை முழுதும் எய்தும்வரை, ஓரிரவு அப்படியே இருத்தல் வேண்டும்.

உறைபகுதி இல்லாதவர் கோடையின் வெயிலைக் கொள்ளலாம். கறுப்புத் தாள் ஒன்றை முற்றத்தில் விரித்து, அதன்மேல் பயற்றை இரண்டு விரற்கடைக்கு மேற்படாத தடிப்பிற் பரப்பி, தெளிந்த பொலித்தீன் தாளால் மூடி, ஓரங்களிற் கல் வைத்து அழுத்தினால், தெளிந்த வானமுள்ள நண்பகலில் உள்ளே 60 பாகைக்கு மேற் சூடேறும். 57 பாகையில் ஒரு மணி நேரம் நின்றால் முட்டை முதல் வண்டு வரை எந்நிலையும் தப்பாது. இரண்டு மூன்று மணி நேரம் அவ்வாறே விடுவது நன்று. வெறும் வெயிலிற் பாயில் உலர்த்தும்போது இந்தச் சூடு கிட்டுவதில்லை. உள்ளிருக்கும் புழு பிழைத்துக்கொள்ளும். மேக மூட்டமுள்ள மாதங்களில், வாய் அகன்ற சட்டியில் மெல்லிய தீயில், கை பொறுக்கமுடியாத சூடு மணியெங்கும் ஏறும்வரை கிளறி இறக்குவது வீட்டுக்குரிய வழி. அவ்வாறு வறுத்த பருப்பு அவிவதற்குச் சற்று நேரம் கூடக் கொள்ளும் என்பதையும் மறத்தலாகாது.

அடுத்தது அடைப்பது. வண்டு மூச்சுக்குக் காற்றை வேண்டும். வாய்வரை நிரப்பிய போத்தலில், மணிகளின் இடையிலுள்ள சிறிதளவு காற்றை இரண்டொரு வண்டுகள் விரைவிலே தீர்த்துவிடும். பின் அவை உண்பதையும் இனம்பெருக்குவதையும் நிறுத்தி மடியும். அரை வெறுமையாய் இருக்கும் போத்தலில் இது நிகழாது. நாளுக்கொரு முறை திறக்கும் பெரிய வாளியிலும் இது நிகழாது. ஆதலினாலேயே சேமிப்பைச் சிறு சிறு கலன்களாகப் பிரிப்பது இக்கலையின் உயிர்நாடி. ஒரு கிலோ பருப்பு ஏறத்தாழ ஒன்றேகால் லீற்றர் கொள்ளும். குளிர்பானம் வந்த தடித்த பிளாத்திக்குப் போத்தல்களைக் கழுவி, சில நாட்கள் கவிழ்த்து வைத்து முழுதும் உலர்த்திய பின், புனலால் வாய்வரை நிரப்பி இறுக மூடினால் அவை இதற்கு நன்றாக உதவும். மெல்லிய பொலித்தீன் உறையை வண்டு துளைத்துச் சென்றுவிடும்.

வேப்பிலையும் செத்தல் மிளகாயும் இடுவது பழைய வழக்கம். அவை வண்டுகளைச் சிறிது விலக்குமேயன்றி, மணியினுள் இருக்கும் புழுவைக் கொல்வதில்லை. பச்சை வேப்பிலையை இட்டு மூடுவோர், இலையின் நீரையும் உடன் அடைத்துவிடுகின்றனர். தமிழகத்திலே துவரை மணிக்குச் செம்மண் பூசி உலர்த்துவதும், முழுப் பயற்றுக்குக் கிலோவிற்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவுவதும் பயன்தரும் வழக்கங்கள். மேற்றோலில் இடப்படும் முட்டையை அவை மூச்சடக்கும். களஞ்சியங்களிற் புகையூட்டப் பயன்படும் நச்சு வில்லைகளை வீட்டிற்குள் கொணர்வது மட்டும் எந்நிலையிலும் ஆகாது. அவற்றினின்று எழும் வாயு வண்டைக் கொல்வதற்கு முன் உறங்கும் குழந்தையைக் கொல்லும்.

பருப்புப் போதிய அளவு உலர்ந்ததா என்பதை அறிய உப்பே உதவும். தூளுப்பைச் சட்டியில் இட்டு ஈரம் போக வறுத்து ஆறவிடுக. உலர்ந்த கண்ணாடிப் போத்தலொன்றில் இரண்டு மேசைக்கரண்டி உப்பையும், போத்தலின் மூன்றிலொரு பங்கிற்குப் பருப்பையும் இட்டு மூடி, ஒரு நிமிடம் குலுக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுக. உப்புக் கண்ணாடியில் ஒட்டாது அடியில் உதிர்ந்து கிடந்தால் பருப்புச் சேமிப்புக்கு ஏற்றது. சுவரில் ஒட்டிக்கொண்டால், பருப்பில் நீர் நூற்றுக்கு 15 பங்கிற்கு மேல் உண்டு. அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

மாவின் செய்தி சற்று வேறு. அரைக்கப்பட்டமையால் அதற்குப் பாதுகாப்பான தோல் இல்லை. சிவப்பு மாவண்டு சில நூறு முட்டைகளை இடும். அம்முட்டைகளின்மேல் மாத்துகள் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியா. வீட்டுச் சல்லடை வண்டைப் பிடிக்கும், முட்டையை விட்டுவிடும். சலித்த மா தூயதென்று எண்ணிக் கலனில் இட்டவர் ஆறேழு வாரங்களில் மீண்டும் வண்டைக் காண்பது இதனாலேதான். வண்டு மிகுந்த மாவில் இளஞ்சிவப்புச் சாயலும் மூக்கைக் குத்தும் நெடியும் உண்டாகும். அவ்வண்டு சுரக்கும் பொருளே அதற்குக் காரணம். அந்த மாவைச் சலித்து உண்பதைவிடக் கைவிடுவது நலம்.

வண்டு தொடங்கியதை முன்னரே அறிய ஓர் எளிய வழியுண்டு. மாலையில் மாவின் மேற்பரப்பை அகப்பையால் வழுவழுப்பாகத் தடவி மூடிவிடுக. காலையில் அதில் மெல்லிய கோடுகள் நெளிந்து சென்றிருக்குமாயின், அவை வண்டு நடந்த தடங்கள்.

மாவிற்கும் குளிரூட்டல் நல்ல வழி. ஒவ்வொரு கிலோப் பொதியையும் தடித்த உறையிலிட்டு ஒரு வாரம் உறைபகுதியில் வைத்து, ஓரிரவு வெளியே ஆறவைத்த பின் அடைக்கலாம். அஃதில்லாதவர்க்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் வழிவந்த வறுத்த அரிசிமா வழக்கம் துணைபுரியும். இடித்த மாவை மணங்கமழ வறுக்கும்போது முட்டையும் மடிகின்றது, நீரும் குறைகின்றது. கோதுமை மாவை அவிப்பது வேறு செயல். ஆவியில் அவித்தால் வண்டின் முட்டை மடியும். ஆனால் மா நீரை ஏற்கும். அவித்த மாவைச் சூட்டோடு அரித்து, நல்ல வெயிலில் அல்லது மெல்லிய தீயில் உலர்த்தாது அடைத்தவர் ஒரு வாரத்தில் பூஞ்சணத்தைக் காண்பர். அவித்த மா பிட்டுக்கும் இடியப்பத்திற்கும் ஏற்றது. ரொட்டிக்குரிய இழுவைப் பசை அதில் அவிந்துவிடுவதால், ரொட்டிக்கென வைக்கும் மாவைக் குளிரூட்டியே பேணவேண்டும். வறுத்த மாவாயினும் சரி, அவித்த மாவாயினும் சரி, முற்றும் ஆறிய பின்னரே மூடுதல் வேண்டும். வெதுவெதுப்பாக மூடினால் உள்ளிருந்து எழும் ஆவி மூடியின் அடியிற் குளிர்ந்து துளியாகி மாவின்மேல் வீழும். மேற்புறத்தில் மட்டும் கட்டிபட்டு மணம் மாறிய மா பெரும்பாலும் இப்பிழையின் விளைவே.

அடைத்த மா ஈரம் ஏற்கின்றதா என்பதைத் தராசு சொல்லும். ஒரு கிலோ மாவில் நீர் நூற்றுக்கு 12 பங்கெனக் கொண்டால், 120 கிராம் நீரும் 880 கிராம் உலர்பொருளும் அதில் உள்ளன. நீர் 15 பங்காக உயர்ந்தாலும் உலர்பொருள் மாறாது. அப்போது அந்த 880 கிராம் மொத்தத்தில் நூற்றுக்கு 85 ஆகும்; மொத்தம் 1035 கிராம். எனவே, பொதியை மூடிய நாளில் நிறுத்து எண்ணை அதன்மேல் எழுதி வைத்து, பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை நிறுத்துப் பார்க்கும்போது கிலோவிற்கு 35 கிராம் கூடியிருந்தால், அந்த உறை காற்றை உள்ளே விடுகின்றது. மா ஆபத்தின் எல்லையிலே நிற்கின்றது. அதனை உடனே உபயோகித்துவிடல் வேண்டும்.

கருவாட்டிலேதான் உப்பின் இரட்டைத் தன்மை நன்கு விளங்கும். திருகோணமலையிலிருந்தும் மன்னாரிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் கண்டிச் சந்தைக்கு வரும் கருவாடு, உப்பாலும் வெயிலாலும் காக்கப்பட்டது. கடற்கரை வெயிலில் அதனைக் காத்த அதே உப்பு, மலைநாட்டு மாரியில் அதற்குப் பகையாகின்றது. சாரீரப்பதன் 75ஐத் தாண்டியதும் கருவாட்டின் மேலுள்ள உப்பு நீரை இழுக்கும்; கருவாடு வியர்க்கும்; அந்த ஈரத்திலே உப்பை விரும்பும் உயிர்கள் குடியேறும். செம்மை கலந்த வழுவழுப்புப் படையாகத் தோன்றுவது ஒருவகை நுண்ணுயிர். மிளகுத்தூள் தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகளாகத் தோன்றுவது ஒருவகைப் பூஞ்சணம். மயிர் நிறைந்த புழுக்கள் சதையைக் குடைவது மற்றொரு வண்டின் வேலை. உப்புக் குறைந்த கருவாட்டையே அது பெரிதும் நாடும்.

சேமிக்கும் வித்தையால் நீக்கமுடியாத குற்றமொன்றும் கருவாட்டில் உண்டு. சூரை, நெத்தலி முதலிய மீன்கள் பிடித்தபின் பனிக்கட்டியின்றி வெயிலிற் கிடந்தால், உலர்த்துவதற்கு முன்னரே அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் திரண்டுவிடும். உப்பும் வெயிலும் சமையலும் அதனை அழிக்கா. அத்தகைய மீனை உண்டவருக்கு ஒரு மணி நேரத்திற்குள் முகஞ் சிவத்தல், தலையிடி, தடிப்பு ஆகியன காணும். நாவில் மிளகின் எரிவு தோன்றும். ஆதலின், வாங்கும்போதே வளைத்துப் பார்த்து விறைப்பாயுள்ளதும், சதை பிரியாததும், அழுகல் நெடியற்றதுமான கருவாட்டை, நம்பத்தகுந்த கடையில் வாங்குவதே இதற்குரிய காப்பு.

வாங்கிய கருவாட்டை வீட்டில் மீண்டும் ஒருமுறை உலர்த்தாது வைப்பது தவறு. சந்தையில் அது திறந்து கிடந்து ஈரம் ஏற்றிருக்கும். வெயிலுள்ள நாளில், ஈ மொய்க்காதபடி மெல்லிய வலைத்துணியால் மூடி, காலையில் விரித்து மாலையிற் பனி இறங்குமுன் எடுத்துவிடவேண்டும். நாளுக்கொரு முறை நிறுத்துப் பார்க்க, இரண்டு நாட்களின் நிறைக்கிடையே வேற்றுமை மிகச் சிறிதாகும்வரை உலர்த்துவது போதும். கட்டா போன்ற தடித்த துண்டுகளில் வெளிப்புறம் விறைத்தும் நடுவில் ஈரம் நின்றும் இருக்கும். அவற்றை விரல் தடிப்பான கீற்றுகளாக அரிந்தே உலர்த்துதல் வேண்டும்.

வெயிலே இல்லாத நாளில் என்செய்வது? கண்டிக் கிராமங்களில் அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் கருவாடு தொங்குவதை முதியோர் அறிவர். அதில் அமைந்த உண்மை எளியது. 22 பாகைக் காற்றின் சாரீரப்பதன் 90 எனக் கொண்டால், அதே காற்று அடுப்பின்மேலே 32 பாகையாகச் சூடேறும்போது அது 50ஆகக் குறைந்துவிடுகின்றது. நீர் மாறவில்லை, காற்றின் கொள்ளும் ஆற்றல் கூடியது. உப்பின் எல்லையான 75க்கு மிகக் கீழே அது நிற்பதால், கருவாடு வியர்க்காது உலரும். எரிவாயு அடுப்பும் மின்னடுப்பும் உள்ள வீட்டில் பரண் இல்லை. அங்கே கருவாட்டை நன்கு உலர்ந்த மாதத்தில் அடைத்து வைப்பதோ, உறைபகுதியில் வைப்பதோதான் வழி.

உலர்த்திய கருவாட்டைத் தாளிற் சுற்றி, கால் கிலோ அளவான சிறு பொதிகளாகக் காற்றுப்புகாத பாத்திரத்தில் இட்டு, மாவிற்கும் பருப்பிற்கும் எட்டத்தே வைக்கவேண்டும். பாத்திரத்தினுள்ளே ஒரு சிறு கிண்ணத்தில் வறுத்த தூளுப்பைத் திறந்து வைத்தால், அது காவலாளியாகும். பாத்திரத்தைத் திறக்கும்போது உப்பு உதிரியாய் இருந்தால் கருவாடு நலமாயுள்ளது. கட்டிபட்டிருந்தால் அன்றே எடுத்து உலர்த்த வேண்டும். ஈ, வண்டு வராதிருக்கும்பொருட்டுப் பூச்சிநாசினி தெளிக்கும் தீய வழக்கமொன்று சில இடங்களில் உண்டு. அந்நஞ்சு கருவாட்டின் கொழுப்பிலே தங்கிவிடும். வீட்டில் எக்காலத்தும் அதனைச் செய்தலாகாது.

இவை யாவும் ஒரு வீட்டிற் சேர்ந்து எவ்வாறு அமையும் என்பதற்கு, பேராதனைக்கு அருகே நால்வர் கொண்ட குடும்பமொன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஐப்பசி மழைக்கு முன் மூன்று மாத உணவை அடைத்துக்கொள்ள அது விரும்புகின்றது. வாரத்திற்கு ஒரு கிலோ மா, அரைக் கிலோ பருப்பு, இரண்டு வாரத்திற்குக் கால் கிலோ கருவாடு என்பது அதன் செலவு. பன்னிரண்டு வாரங்களுக்கு 12 கிலோ மா, 6 கிலோ பருப்பு, ஒன்றரைக் கிலோ கருவாடு வேண்டும். புரட்டாதி மாதத்துத் தெளிந்த நாட்களில் கருவாட்டை அரிந்து உலர்த்தி ஆறு பொதிகளாக்குகின்றனர். மாவை ஒரு கிலோப் பொதிகளாகப் பிரித்து, மும்மூன்றாக உறைபகுதியில் வைத்து எடுக்கின்றனர். நான்கு வாரங்களில் பன்னிரண்டும் முடிகின்றன. பருப்பைச் சலித்து, சட்டியிற் சூடேற்றி, ஆறவிட்டு, உப்புச் சோதனை செய்து, ஆறு போத்தல்களில் வாய்வரை நிரப்புகின்றனர். ஒவ்வொன்றின்மேலும் நாளும் நிறையும் எழுதப்படுகின்றன. கலன்கள் சுவரைத் தொடாது, நிலத்திலிருந்து ஓரடி உயர்ந்த பலகையில் நிற்கின்றன. குளிர்ந்த சீமெந்துச் சுவர் இரவில் வியர்ப்பதும், தரையின் ஈரம் மேலேறுவதும் அவற்றைத் தீண்டா. பழைய கண்டிக் கிராமங்களில் நெல்லை இடும் பிஸ்ஸ என்னும் மண்பூசிய கூடைக்களஞ்சியமும், கற்கால்களின்மேல் நிலத்தைத் தொடாதே நின்றது.

வாரந்தோறும் ஒரு மாப்பொதி மட்டும் திறக்கப்படுகின்றது. ஏழாம் வாரத்தில் ஒரு பொதியின் நிறை 40 கிராம் கூடியிருக்கக் காண்கின்றனர் எனக் கொள்வோம். உறையின் மூலையில் ஊசித்துளை. மாவைப் பிடித்தால் கட்டியாய் நிற்கின்றது. ஆயினும் மணம் மாறவில்லை, நிறம் மாறவில்லை. அந்த மா அன்றே சட்டியில் வறுபட்டு அவ்வாரத்துப் பிட்டாகின்றது. பூஞ்சணத்தின் மக்கிய நெடி சிறிதேனும் வீசியிருந்தால், அது குழியிற் போயிருக்கும். ஒரு பொதியின் பிழை ஒரு கிலோவோடு நின்றது; பன்னிரண்டு கிலோவும் ஒரே வாளியில் இருந்திருப்பின் அது பன்னிரண்டையும் தொட்டிருக்கும்.

இம்முறைக்கும் எல்லையுண்டு. வறுத்த அரிசிமாவும் குளிரூட்டிய கோதுமை மாவும் மூன்று மாதம் நல்ல நிலையில் நிற்கும். தவிட்டோடு அரைத்த ஆட்டா மா கொழுப்பு மிகுந்தமையால் வண்டில்லாமலே சில வாரங்களிற் கசந்துவிடும். அதனைத் தானியமாகவே வைத்து வேண்டியபோது அரைப்பது சிறந்தது. முழுப் பயறு ஆண்டொன்றைக் கடந்தும் நிற்கும். ஆனால் நாட்பட்ட பயறு அவிய நெடுநேரம் கொள்ளும். கருவாட்டை மாரிகாலத்தில் மூன்று மாதத்திற்கு மேல் உறைபகுதியின்றி வைக்க முயல்வது கண்டியிற் கைகூடாத காரியம்.

மழை ஓய்ந்து தை பிறக்கும்போது, சமையலறையின் உப்புச் சாடியில் மேலே படிந்த கட்டி மெல்ல உதிரத் தொடங்கும். வெறுமையான போத்தல்களைக் கழுவி, வெயிலிற் கவிழ்த்து வைக்கும் காலம் அது.